கோலி 2014, கோலி 2018: நேர்முனைக் கேமரா காணொளியில் முன்கால் நீட்டத்தை அளந்தால் எவ்வளவு நம்பலாம்?

வெள்ளைக்கோடு:

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுத் தொடரில் விராட் கோலி பத்து இன்னிங்ஸ்களில் 134 ரன்களும், 2018ஆம் ஆண்டுத் தொடரில் அதே பத்து இன்னிங்ஸ்களில் 593 ரன்களும் எடுத்தார் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். முதல் தொடரில் ஆண்டர்சன் அவரை நான்கு முறை ஆட்டமிழக்கச் செய்தார். இரண்டாவது தொடரில் ஒருமுறைகூட முடியவில்லை. இந்த இடைவெளியில் அவருடைய ஆட்டநுட்பத்தில் எது மாறியது என்பதை வர்ணனையாளர்களின் வாய்ச்சொல்லாக அல்லாமல், ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி அளந்து பார்க்க முயன்றேன்.

நான் செய்தது இது. ஓல்ட் டிராஃபோர்டில் 2014இல் ஆண்டர்சன் வீசிய பந்துகளும் எட்ஜ்பாஸ்டனில் 2018இல் அவர் வீசிய பந்துகளும் உள்ள காணொளித் துண்டுகளை 720p தரத்தில் எடுத்து, கினோவியா மென்பொருளில் திறந்து, மட்டையாளர் முனையில் பாப்பிங் கிரீஸ், ஸ்டம்ப் கோடு, இரு பக்க ரிட்டர்ன் கிரீஸ் ஆகிய நான்கும் அடைக்கும் செவ்வகத்தின் மீது தரைக் கட்டத்தைப் பொருத்தினேன். அதன் அகலம் 264 செ.மீ., ஆழம் 122 செ.மீ. என்பது விதிப்படி நிலையானது. பிறகு, முன்கால் ஊன்றிய ஃபிரேமில் காலணியின் நுனி பாப்பிங் கிரீஸிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று குறித்தேன். 2018இல் அது சராசரியாக 22 செ.மீ. கூடுதலாக வருகிறது. முன்கால் நீட்டம் கூடியதே கோலியின் மாற்றத்துக்குக் காரணம் என்று இதிலிருந்து சொல்லலாமா? முறையில் ஓட்டை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

பழைய ஓப்பனர்:

இருபது ஆண்டுகள் லீக் கிரிக்கெட்டில் புதுப்பந்தை எதிர்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் காலைப் பார்க்கிறீர்கள். சிக்கல் இடுப்பில் இருந்தது. 2014இல் பந்து வருவதற்கு முன்பே கோலியின் இடுப்பு கவர் திசைக்குத் திறந்துகொண்டது. இடுப்பு திறந்தால் மட்டை உடலைத் தாண்டி வெளியே போகும்; அவுட் ஸ்விங்கரின் பின்னால் கை மட்டும் போகும்; மிச்சம் ஸ்லிப்பில் நிற்பவரின் வேலை. இதைக் கோலியே 2020இல் மயங்க் அகர்வாலுடனான உரையாடலில் ஒப்புக்கொண்டார். இடுப்பு நிலையைப் பற்றியும் வேகப்பந்துக்கு முன்னோக்கி அழுத்தி வருவதைப் பற்றியும் சச்சின் தன்னிடம் பேசியதாகவும், கிரீஸுக்கு வெளியே நிற்கும்படி ரவி சாஸ்திரி சொன்னதாகவும் அதில் கூறியிருக்கிறார்.

ஆகவே இடுப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கோணத்தை அளந்தால் போதும். அதோடு தலையையும் பாருங்கள். 2014 படங்களில் தலை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே சரிந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. இதற்குக் கட்டமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம்.

ரீப்ளே மேசை:

ஒளிபரப்பு வண்டியில் ரீப்ளே இயக்குபவனாகச் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது ஓர் அணிக்குக் காணொளிப் பகுப்பாய்வு செய்கிறேன். இருவர் சொன்னதிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. முதலில் 22 செ.மீ. என்ற எண்ணைப் பார்த்துவிடுவோம்.

வெள்ளைக்கோடு, தரைக் கட்டத்தை நீங்கள் தேர்ந்தது சரி. ஸ்டம்பின் 71 செ.மீ. உயரத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு கால் நீட்டத்தையும் அளப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். பிட்ச்சின் நீளவாக்கில் அந்த அளவுகோல் செல்லாது. ஆனால் உங்கள் படத்தில் ஸ்டம்பின் அடியிலிருந்து பாப்பிங் கிரீஸ் வரை செங்குத்தாக எத்தனை பிக்சல் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா? அந்த எண்ணால் 122ஐ வகுத்தால் ஒரு பிக்சல் எத்தனை செ.மீ. என்பது ஏறத்தாழக் கிடைக்கும்.

வெள்ளைக்கோடு:

இப்போது எண்ணினேன். ஓல்ட் டிராஃபோர்டு துண்டில் 14 பிக்சல், எட்ஜ்பாஸ்டன் துண்டில் 17 பிக்சல்.

ரீப்ளே மேசை:

அப்படியானால் முதல் துண்டில் ஒரு பிக்சல் என்பது ஏறத்தாழ 8.7 செ.மீ.; இரண்டாவதில் 7.2 செ.மீ. நேர்முனைக் கேமரா மைதானத்தின் விளிம்புக்கு அப்பால், பார்வையாளர் மாடத்தின் மேலிருந்து நீண்ட லென்ஸில் பார்க்கிறது. தரையை அது எட்டு, ஒன்பது டிகிரி அளவிலான தாழ்ந்த கோணத்தில் பார்ப்பதால் பிட்ச்சின் நீளம் முழுவதும் படத்தில் நசுங்கிப்போகிறது. நீங்கள் கண்ட 22 செ.மீ. வேறுபாடு உண்மையில் மூன்று பிக்சல்.

இனி, பிழை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெள்ளைக் காலணி, சுண்ணாம்புக் கோடு, வெளிறிய பிட்ச் எல்லாம் ஒரே நிறச் சாயலில் இருக்க, இணையத்தில் ஏற்றும்போது சுருக்கப்பட்ட படத்தில் காலணியின் நுனி எங்கே முடிகிறது என்பதில் ஒரு பிக்சல் தடுமாற்றம் இருக்கும். கிரீஸின் ஓரத்தைக் குறிப்பதில் இன்னொரு பிக்சல். இரண்டு துண்டுகளிலும் இது நேரும். ஆகவே மூன்று பிக்சல் வேறுபாட்டில் பெரும்பகுதி உங்கள் சுட்டி எங்கே நின்றது என்பதாகவே இருக்கக்கூடும். சோதிக்க எளிய வழி: ஒரே ஃபிரேமை நாளைக்கு மறுபடி திறந்து, முந்தைய குறியைப் பார்க்காமல் புதிதாகக் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே வரும் வேறுபாட்டைவிடக் கோலியின் இரண்டு தொடர்களுக்கும் இடையே வரும் வேறுபாடு நன்றாகப் பெரிதாக இருந்தால்தான் பேச்சே தொடங்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீங்கள் அளந்தது கால் ஊன்றிய இடத்தை. கால் நகர்ந்த தூரத்தை அல்ல. பழைய ஓப்பனர் குறிப்பிட்டபடி கோலி பின்னாளில் கிரீஸுக்கு வெளியே நிற்கத் தொடங்கியவர். நிற்கும் இடமே முன்னே போய்விட்டால், நீட்டம் ஓர் அங்குலம்கூடக் கூடாமலே காலணி நுனி கிரீஸிலிருந்து தள்ளித்தான் விழும். பந்துவீச்சாளரின் கையிலிருந்து பந்து விடுபடும் ஃபிரேமில் பின்கால் எங்கே, முன்கால் எங்கே என்று முதலில் குறித்து, ஊன்றிய ஃபிரேமின் குறியிலிருந்து அதைக் கழியுங்கள். கழித்தபின் மிஞ்சுவதுதான் நீட்டம்.

கடப்பாக்கம் அப்பா:

இந்த இழையைச் சரியான நேரத்தில் பார்த்தேன். என் மகனுக்கு 14 வயது. வலைப்பயிற்சியில் அவனைக் கைபேசியில் 240 ஃபிரேம் மெதுவோட்டத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். கோலியின் 2018 படத்தை ஒரு பக்கமும் அவன் படத்தை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால், அவன் முன்கால் மிகப் பெரிதாகவும் நீட்டம் கோலியைவிட அதிகமாகவும் தெரிகிறது. பயிற்சியாளரோ அவன் காலே நகரவில்லை என்கிறார். கைபேசியை வலைக்கு வெளியே, பந்துவீசுபவரின் பக்கத்திலேயே வைத்திருந்தேன். யார் சொல்வது சரி?

ரீப்ளே மேசை:

ஐயா, இங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு. ஆனாலும் பதில் சுருக்கமானது என்பதால் சொல்லிவிடுகிறேன். கைபேசியின் அகன்ற லென்ஸில் அருகிலிருந்து எடுத்தால் கேமராவுக்கு நெருங்கி வரும் உறுப்பு ஊதிப் பெரிதாகும்; முன்கால் கைபேசியை நோக்கித்தான் வருகிறது. ஒளிபரப்புக் கேமராவோ நூறு மீட்டர் அளவு தொலைவில் இருப்பதால் முன்காலும் பின்காலும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. நீட்டம் தெரிய வேண்டுமானால் பாப்பிங் கிரீஸுக்கு நேர்ப்பக்கத்தில், வலைக்கு வெளியே முடிந்த அளவு தள்ளி, முக்காலியில் வைத்து, கோடு படத்தில் சாயாமல் நேராகத் தெரியும்படி எடுங்கள். அதுவரை பயிற்சியாளர் கண்ணை நம்புங்கள்.

பழைய ஓப்பனர்:

நீட்டம் பற்றிய கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் இடுப்பைப் பற்றி நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை. தலை சரிவதையும் நீங்கள் தொடவில்லை.

ரீப்ளே மேசை:

இடுப்பு முக்கியம் என்பதில் உங்களோடு எனக்கு மாறுபாடு இல்லை. அதை அளக்க நீங்கள் சொன்ன வழியில்தான் மாறுபடுகிறேன். இடுப்பு திறப்பது என்பது உடல் செங்குத்து அச்சில் திரும்புவது. முன்னிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்தத் திருப்பம் கோணமாகத் தெரியாது, அகலம் கூடுவதாகத்தான் தெரியும். நீங்கள் இடுப்பின் குறுக்கே இழுக்கும் கோட்டின் சாய்வு, ஒரு பக்க இடுப்பு உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருப்பதைக் காட்டும். அது வேறு அசைவு. தொளதொளவென்ற சட்டையும் தொடைக் காப்பும் இருக்கும்போது இடுப்பெலும்பு எங்கே என்பதே ஊகம்தான்.

நான் பார்ப்பது பின்காலின் நுனியை. அது தரையில் இருக்கிறது, பந்து விடுபடும் ஃபிரேமில் பெரும்பாலும் அசைவற்றும் இருக்கும். நுனி பாயிண்ட் திசையைப் பார்த்தால் இடுப்பு பக்கவாட்டில் நிற்க இடம் உண்டு. கவரை நோக்கித் திரும்பியிருந்தால் இடுப்பு ஏற்கெனவே பாதி திறந்தாகிவிட்டது. இதற்கு டிகிரி எழுத வேண்டாம். ‘பாயிண்ட்’, ‘கவர்’, ‘இடைநிலை’ என்று மூன்று வகை போதும். அடுத்து, மார்பிலுள்ள சின்னம் முழுதாகத் தெரிகிறதா, பாதி மறைந்திருக்கிறதா என்று முன்கால் ஊன்றும் ஃபிரேமில் குறியுங்கள். தோள் திரும்பியதை அது நேர்மையாகச் சொல்லும்.

தலைக்கு வருகிறேன். தரைக் கட்டம் தரையில் உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் தலையின் மீது கட்டத்தின் குறியை வைத்தால், மென்பொருள் அந்தப் புள்ளியை ஸ்டம்புக்குப் பின்னால் பத்து மீட்டர் அளவு தள்ளித் தரையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். கேமரா பிட்ச்சின் நடுக்கோட்டில் சரியாக இருந்தால் பக்கவாட்டில் பிழை வராது. கேமரா ஒரு மீட்டர் விலகியிருந்தாலே தலை பத்து செ.மீ. அளவு பக்கவாட்டில் தள்ளித் தெரியும். அது ஒரு மட்டையின் அகலம். விலகல் இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க, பந்துவீச்சாளர் முனையின் நடு ஸ்டம்பிலிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோடு இழுங்கள். அது மறுமுனையின் நடு ஸ்டம்பைத் தொடாமல் ஒரு விக்கெட் அகலம் தள்ளிப்போனால், கேமரா ஏறத்தாழ ஒரு மீட்டர் விலகி நிற்கிறது என்று பொருள். பல மைதானங்களில் விலகித்தான் நிற்கும், ஏனென்றால் மையத்தில் சைட் ஸ்கிரீனும் அதன் பின்னால் வேறு கருவிகளும் இருக்கும். ஆட்டம் எந்த பிட்ச்சில் நடக்கிறது என்பதும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் மாறும்.

சரியான வழி, தலையிலிருந்து ஸ்டம்புக்கு இணையாக ஒரு செங்குத்துக் கோட்டை இறக்கி, முன்கால் ஊன்றிய இடத்தின் மட்டத்தில் அதை நிறுத்துவது. அந்த மட்டத்தில் ஆஃப் ஸ்டம்பின் நீட்சிக் கோடு எங்கே போகிறது என்று கட்டம் காட்டும். அதற்கு உள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்று பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரிவதாக நீங்கள் சொன்ன சரிவு இந்தச் சோதனைக்குப் பின்னும் மிஞ்சுமா என்பதை அறிய எனக்கும் ஆவல்.

வெள்ளைக்கோடு:

இடத்தைப் போலவே நேரத்தையும் குறித்திருந்தேன். பந்து விடுபட்டதிலிருந்து முன்கால் ஊன்றும் வரை 2014 துண்டில் 10 ஃபிரேம், 2018 துண்டில் 11 ஃபிரேம். இரண்டும் ஒன்றுதான் என்று கொள்ளலாமா? மெதுவோட்ட ரீப்ளேயில் எண்ணினால் இன்னும் துல்லியமாக இருக்குமா?

ரீப்ளே மேசை:

மெதுவோட்டத்தில் நேரத்தை எண்ணவே எண்ணாதீர்கள். என் மேசையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நெம்புகோல் இருந்தது. பந்து வரும்போது சற்று வேகமாகவும், மட்டையில் படும்போது ஏறத்தாழ நிற்கும்படியும் தள்ளுவதுதான் என் வேலையே. அந்த ஓட்டத்தில் அடுத்தடுத்த இரு ஃபிரேம்களுக்கு இடையே எவ்வளவு நேரம் கழிந்தது என்பது எனக்கே தெரியாது. மெதுவோட்டத்தை மட்டையின் முகம், மணிக்கட்டு, பின்கால் நுனி போன்ற வடிவங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; நேரத்துக்கு நேரலை ஓட்டம் மட்டுமே.

நேரலையிலும் ஒரு பொறி உண்டு. இங்கிலாந்து ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃபிரேம்; ஒவ்வொன்றும் 40 மில்லிநொடி. மணிக்கு 135 கி.மீ. வேகப் பந்து அந்த நேரத்தில் ஒன்றரை மீட்டர் போய்விடும். பந்து கையிலிருந்து மட்டைக்கு வரவே ஏறத்தாழ அரை நொடிதான் என்பதால் உங்களிடம் இருப்பது மொத்தம் 12, 13 படங்கள். இதில் ஒரு ஃபிரேம் வேறுபாட்டை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அதோடு, உங்கள் துண்டை யாராவது 30 ஃபிரேமாக மாற்றி ஏற்றியிருந்தால் ஒவ்வொரு ஆறாவது ஃபிரேமும் முந்தையதன் நகலாக இருக்கும். இரண்டு துண்டுகளின் எண்ணிக்கையும் அப்போது ஒப்பிடத் தக்கதல்ல. பந்தின் இருப்பிடத்தை ஃபிரேம்தோறும் புள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்தால் நகல் இருக்கிறது.

தொலைக்காட்சியிலிருந்து நேராகப் பதிந்த கோப்பு யாரிடமாவது இருந்தால் நிலைமை மேம்படும். அதில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு அரைப்படங்களாகப் பின்னப்பட்டிருக்கும். வேகமாக அசையும் மட்டையின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலத் தெரிந்தால் அதுதான் அடையாளம். பிரித்துவிட்டால் நொடிக்கு 50 படங்கள் கிடைக்கும்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,field_order clip.ts
ffmpeg -i clip.ts -vf yadif=1 -c:a copy out.mp4
```

முதல் வரி கோப்பு எப்படிப்பட்டது என்று சொல்லும். இரண்டாவது பிரித்துத் தரும். இணையத்திலிருந்து இறக்கிய துண்டில் அந்த அரைப்படங்கள் பெரும்பாலும் முன்பே கலந்து அழிக்கப்பட்டிருக்கும், அதை மீட்க வழியில்லை.

மூன்றாவது ஸ்லிப்:

இவ்வளவு நேரமும் எப்படி அளப்பது என்றே பேசினீர்கள். எந்தப் பந்துகளை அளப்பது என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்கோடு எடுத்திருப்பவை ஹைலைட்ஸ் துண்டுகள். 2014இலிருந்து கோலி அவுட்டான பந்துகளும், 2018இலிருந்து அவர் பவுண்டரி அடித்த பந்துகளும்தான் அவற்றில் இருக்கும். அவுட்டான பந்தில் காலும் இடுப்பும் தப்பான இடத்தில் இருப்பதில் என்ன வியப்பு? 2018இல் அவர் விட்டுவிட்ட பந்துகளிலும், மட்டையைத் தாண்டிப் போன பந்துகளிலும் கால் எங்கே இருந்தது? எட்ஜ்பாஸ்டன் முதல் இன்னிங்ஸில் 21 ரன்னில் ஆண்டர்சன் பந்தில் கோலி கொடுத்த கேட்ச்சை ஸ்லிப்பில் மலான் தவறவிட்டார். பிறகு கோலி 149 அடித்தார். அந்தக் கேட்ச்சைப் பிடித்திருந்தால், ‘கோலி இன்னும் திருந்தவில்லை’ என்று இதே ஃபிரேம்களில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள்.

2014ஐயும் ஒரே வகைத் தோல்வியாகப் பார்க்கக் கூடாது. லார்ட்ஸ் இரண்டாவது இன்னிங்ஸில் பிளங்கெட் பந்துக்கு மட்டையைத் தூக்கி வழிவிட்டு முதல் பந்திலேயே ஸ்டம்பை இழந்தவர் அவர். எட்ஜுக்கு அஞ்சியவர் விடக் கூடாத பந்தை விட்டார் என்பது என் கருத்து. இடுப்பின் குறுக்கே இழுத்த எந்தக் கோடும் அதைக் காட்டாது.

பழைய ஓப்பனர்:

கேட்ச் தவறியதை வைத்துக்கொண்டு 593 ரன்னையும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. ட்ரென்ட் பிரிட்ஜில் 97, 103 என்று அடித்ததையும் மலானா தவறவிட்டார்? கிரீஸுக்கு வெளியே நின்றதால் ஸ்விங் முழுதாக விரிவதற்குள் பந்தைச் சந்தித்தார். இது மைதானத்தில் நின்றவனுக்குத் தெரியும்.

ரீப்ளே மேசை:

இது அளக்கக்கூடிய வாதம். அரை மீட்டர் முன்னே நின்றால் பந்து 15 மில்லிநொடி அளவு முன்னதாக வந்துசேரும். அது 50 படங்களாகப் பிரித்த காணொளியில் ஒரு படத்துக்கும் குறைவு. கிடைப்பது என்ன? பந்து பிட்ச் ஆகி நான்கு மீட்டர் வந்தபின் சந்திப்பதற்குப் பதிலாக மூன்றரை மீட்டரில் சந்திக்கிறார் என்று கொண்டால், தரையில் பட்டபின் ஏற்படும் விலகலில் எட்டில் ஒரு பங்கு குறையும். 8 செ.மீ. விலகியிருக்க வேண்டிய பந்து 7 செ.மீ. விலகும். மட்டையின் நடுவிலிருந்து விளிம்பு வரை 5.4 செ.மீ.தான் என்பதால் ஒரு செ.மீ. சிறியதல்ல, ஆனால் அது ஒன்றே 134ஐ 593 ஆக்கியது என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாவது ஸ்லிப் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். முழு ஸ்பெல் கிடைத்தால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நல்ல நீளத்தில் விழுந்த எல்லாப் பந்துகளையும், முடிவு என்னவாக இருந்தாலும், ஒரு பட்டியலில் இடுங்கள். ஒவ்வொன்றையும் பந்து விடுபட்ட ஃபிரேமோடு நிறுத்திவிட்டு, மேலே ஓடவிடாமல், பின்கால் நுனியையும் நிற்கும் இடத்தையும் குறியுங்கள். முடிவைப் பார்த்தபின் குறித்தால் கை தானாகவே சாயும். எங்கள் அறையில் ஒருவர் குறிக்க, முடிவை இன்னொருவர் தனியாக எழுதுவது இதனால்தான்.

வெள்ளைக்கோடு:

ஓல்ட் டிராஃபோர்டு இன்னிங்ஸ்கள் இரண்டும் 0, 7 என்று முடிந்தவை என்பதால் அங்கே பட்டியலுக்குப் போதிய பந்துகளே தேறாது. சவுத்தாம்ப்டனில் அவர் எடுத்த 39ஐயும் 28ஐயும் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். முதல் இன்னிங்ஸில் விக்கெட் ஆண்டர்சனுடையதுதான். முன்கால் நீட்டத்தைக் கைவிட்டு, பின்கால் நுனியின் மூன்று வகைகளையும் நிற்கும் இடத்தையும் மட்டும் குறிக்கிறேன். பக்கவாட்டு ரன்அவுட் கேமராவின் காட்சி சில பந்துகளுக்காவது கிடைத்தால் நீட்டத்தை அதில் அளக்கலாமா?

ரீப்ளே மேசை:

அதுதான் நீட்டத்துக்கு உரிய கேமரா. கிரீஸை அது விளிம்போடு பார்ப்பதால் அங்கே ஒரு பிக்சல் ஒரு செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் பெரும்பாலும் முறையீடு எழுந்த பந்துகளுக்கும் மட்டையைத் தாண்டிய பந்துகளுக்கும் மட்டுமே அந்தக் காட்சியைத் திரையில் போடுவோம். நிம்மதியாக விட்டுவிட்ட பந்துக்குப் போட மாட்டோம். மூன்றாவது ஸ்லிப் எழுப்பிய கேள்வி அங்கேயும் நிற்கும்.

பழைய ஓப்பனர்:

சவுத்தாம்ப்டன் பட்டியலை இங்கேயே இடுங்கள். பந்து விடுபடும் ஃபிரேமில் நிறுத்திய படங்களை முடிவு சொல்லாமல் எனக்கு அனுப்பினால், இடுப்பு திறந்திருக்கிறதா என்று நான் தனியாகக் குறித்துத் தருகிறேன். ரீப்ளே மேசை குறிப்பதோடு எத்தனை ஒத்துப்போகிறது என்று பார்ப்போம்.